முள்ளை நம்பினால் பர்ஸ் காலி: வண்டியின் உண்மையான மைலேஜைக் கண்டுபிடிப்பது எப்படி?

"அண்ணே, ஐநூறு ரூபாய்க்குப் போட்டேன், முள் அசையவே இல்லையே?"

எந்த பெட்ரோல் பங்க்கிலும் வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கக்கூடிய வாக்குவாதம் இது. பங்க் ஊழியர் மீட்டரைக் காட்டுவார். வண்டிக்காரர் டேஷ்போர்டைக் காட்டுவார். பின்னால் நிற்பவர் ஹார்ன் அடிப்பார். யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற எண்ணத்தோடுதான் வண்டி கிளம்பும்.

சந்தேகம் தப்பில்லை. ஆனால், சந்தேகப்படுவதற்கு எடுத்துக்கொண்ட ஆதாரம் தப்பு. டேஷ்போர்டில் இருக்கும் முள்ளோ, கட்டங்களோ, 'ஆவரேஜ்' என்று ஒளிரும் எண்ணோ எதுவும் அளவுகோல் அல்ல. அவை எல்லாம் மதிப்பீடுகள். உண்மையான மைலேஜ் தெரிய வேண்டுமென்றால் பழைய ஃபுல் டேங்க் கணக்குதான் வழி. அதையும் பலர் பாதி சரியாக, பாதி தப்பாகச் செய்கிறார்கள்.

முள் எப்படி வேலை செய்கிறது?

பெட்ரோல் டேங்கின் உள்ளே ஒரு மிதவை இருக்கும். அது ஒரு சிறிய கம்பியின் நுனியில் மாட்டப்பட்டிருக்கும். பெட்ரோல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் இன்னொரு முனை மின்தடையை மாற்றும் ஒரு பட்டையின் மீது நகரும். அந்த மாற்றத்தைத்தான் டேஷ்போர்டு முள்ளாகவோ, கட்டமாகவோ காட்டுகிறது. அதாவது, முள் காட்டுவது லிட்டரை அல்ல. டேங்கில் ஓர் இடத்தில் பெட்ரோல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை மட்டும்தான்.

டேங்க் ஒரு சீரான சதுரப் பெட்டியாக இருந்தால் உயரமும் லிட்டரும் ஒத்துப்போகும். காரில் டேங்க் பின் இருக்கைக்கு அடியில், சைலன்சர் குழாய்க்கும் சக்கரத்துக்கும் வழிவிட்டு வளைந்து நெளிந்து கிடக்கிறது. பைக்கில் அது ஃபிரேமின் இரண்டு பக்கமும் தொங்குகிறது. ஓரிடத்தில் ஒரு சென்டிமீட்டர் உயரம் என்பது ஒரு லிட்டராக இருக்கும், இன்னோரிடத்தில் மூன்று லிட்டராக இருக்கும்.

மிதவையால் டேங்கின் கூரை வரை ஏறவும் முடியாது, தரை வரை இறங்கவும் முடியாது. அதனால்தான் ஃபுல் டேங்க் போட்ட பிறகு 60, 80 கிலோமீட்டர் ஓடியும் முள் 'F'-ஐ விட்டு நகராமல் இருக்கிறது. "ஆஹா, வண்டி செம மைலேஜ் தருது" என்று தோன்றும். பிறகு திடீரென்று மளமளவென இறங்கும். 'E' காட்டும்போதும் டேங்க் காலியாக இருக்காது. காரில் பெட்ரோல் பம்ப் டேங்கின் உள்ளேயே மூழ்கியிருக்கிறது. அதைக் குளிரவைப்பதே சுற்றியுள்ள பெட்ரோல்தான். வறண்டு ஓடினால் பம்ப் கெடும். அதனால் கொஞ்சம் மீதி இருக்கும்போதே 'E' காட்டும்படி தயாரிப்பாளர்கள் அமைத்துவிடுகிறார்கள்.

இதோடு வேண்டுமென்றே வைத்த மந்தமும் உண்டு. பிரேக் அடித்தால் டேங்கில் பெட்ரோல் அலைபாயும். அதற்கெல்லாம் முள் ஆடினால் பார்க்க முடியாது. அதனால் டேஷ்போர்டு மிதவையின் நிலையைச் சிறிது நேரம் கவனித்து, சராசரி எடுத்து, மெதுவாகத்தான் முள்ளை நகர்த்தும். 37 லிட்டர் டேங்கில் ஐநூறு ரூபாய்க்கு ஏறுவது சுமார் ஐந்து லிட்டர். பங்க் தரை கொஞ்சம் சரிவாக இருந்து, இந்த மந்தமும் சேர்ந்தால், முள் அசையாமல் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அப்போ 'ஆவரேஜ்' எண்ணாவது சரியா?

டேஷ்போர்டில் 17.8 km/l என்று தசமப் புள்ளியோடு காட்டும்போது அதை நம்பத் தோன்றும். இந்த எண் மிதவையில் இருந்து வருவதில்லை. இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதை வண்டியின் கணினி எண்ணிக்கொண்டே இருக்கும். இவ்வளவு நேரம் திறந்தால் இவ்வளவு பெட்ரோல் போயிருக்கும் என்று கணக்கிட்டு, ஓடிய தூரத்தை அதனால் வகுக்கும்.

முள்ளைவிட இது நல்ல முறைதான். ஆனாலும் பெட்ரோலை யாரும் அளந்து பார்க்கவில்லை, கணித்துச் சொல்கிறார்கள். இன்ஜெக்டர் புதிதாக இருந்தபோது வைத்த கணக்கு, அது பழசான பிறகும் தொடர்கிறது. மாடலுக்கு மாடல் வித்தியாசம் மாறும். ஆனால், உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டிக் காட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

எங்கே 'ரீசெட்' செய்தோம் என்பதும் முக்கியம். நெடுஞ்சாலையில் ஏறியதும் ரீசெட் செய்தால் 23, 24 என்று காட்டும். அதே வண்டியில் மேடவாக்கம் சிக்னலில் ரீசெட் செய்தால் 9 காட்டும். இரண்டுமே அந்த வண்டியின் மைலேஜ் அல்ல.

ஒரு கார் பூல் கணக்கு

தாம்பரத்தில் இருந்து மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூருக்குக் காரில் போகும் ஓர் ஐ.டி. ஊழியரை எடுத்துக்கொள்வோம். போக வர தினமும் சுமார் 36 கிலோமீட்டர். மாதம் 22 நாள் என்றால் ஏறக்குறைய 800 கிலோமீட்டர். கூட இரண்டு சக ஊழியர்கள் வருகிறார்கள். டேஷ்போர்டு காட்டும் 17.8-ஐ வைத்துத்தான் பெட்ரோல் செலவை மூன்றாகப் பிரிக்கிறார்கள்.

மாதக் கடைசியில் கார்டு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது. முதலில் பங்க் மீது சந்தேகம். பிறகு போன மாதம் சர்வீஸ் செய்த மெக்கானிக் மீது. கடைசியில்தான் அவர் ஃபுல் டேங்க் கணக்கில் இறங்குகிறார்.

முதல் நாள் டேங்கை நிரப்புகிறார். நாசில் தானாக 'டக்' என்று நின்றதும் போதும் என்கிறார். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குகிறார். அன்றைக்கு எத்தனை லிட்டர் போனது என்பது கணக்கிலேயே வராது. அது தொடக்கக் கோடு மட்டும்தான். முதல் நிரப்பலின் லிட்டரையும் சேர்த்து வகுத்துவிட்டு "மைலேஜ் வரலையே" என்று புலம்புவதுதான் பலர் செய்யும் முதல் தப்பு.

அடுத்த மூன்று நிரப்பல்கள் இப்படி வருகின்றன:

முதல் சுற்று: 412 கி.மீ., 24.6 லிட்டர். லிட்டருக்கு 16.7.

இரண்டாம் சுற்று: 388 கி.மீ., 25.9 லிட்டர். லிட்டருக்கு 15.0.

மூன்றாம் சுற்று: 405 கி.மீ., 24.4 லிட்டர். லிட்டருக்கு 16.6.

இரண்டாம் சுற்றில் மைலேஜ் திடீரென விழுந்திருக்கிறது. அதே ரோடு, அதே டிரைவர். இங்கேதான் பலர் வண்டியை சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப்போய் சண்டை போடுவார்கள். ஆனால், நடந்தது வேறு. இரண்டாம் சுற்றின் முடிவில் நாசில் நின்ற பிறகும் ஊழியர் விடாமல் இரண்டு மூன்று முறை அழுத்தி, கழுத்து வரை நிரப்பிவிட்டார். சுமார் ஒரு லிட்டர் கூடுதலாகப் போய்விட்டது. அந்த ஒரு லிட்டர் இரண்டாம் சுற்றில் எரியவில்லை. மூன்றாம் சுற்றில்தான் எரிந்தது. அதைச் சரிசெய்து பார்த்தால் இரண்டாம் சுற்று 15.6, மூன்றாம் சுற்று 15.9. அதாவது, 15.0 என்ற பயமுறுத்தலும் பொய், 16.6 என்ற நிம்மதியும் பொய்.

சரி, ஊழியர் எவ்வளவு கூடுதலாக ஊற்றினார் என்று எப்போதும் தெரியுமா? தெரியாது. தெரியவும் வேண்டாம். மூன்று சுற்றையும் சேர்த்துவிட்டால் போதும். மொத்தம் 1,205 கி.மீ., மொத்தம் 74.9 லிட்டர். லிட்டருக்கு 16.1. நடுவில் ஒரு நிரப்பலில் கூடுதலாகப் போனது அடுத்த நிரப்பலில் குறைவாகப் போய் ஈடாகிவிடுகிறது. தொடக்கத்திலும் முடிவிலும் டேங்க் ஒரே மட்டத்தில் இருந்தால் போதும்.

இந்த மூன்று சுற்றும் முடியும்வரை அவர் இரண்டாவது ட்ரிப் மீட்டரை ரீசெட் செய்யாமல் வைத்திருந்தார். அதே 1,205 கிலோமீட்டருக்கு அது காட்டிய சராசரி 17.8. வித்தியாசம் பத்து சதவீதத்தை ஒட்டி வருகிறது. பங்க்கும் மெக்கானிக்கும் அல்ல, அந்த எண்தான் குற்றவாளி.

லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மாதம் 800 கிலோமீட்டருக்கு 17.8 கணக்கில் சுமார் 45 லிட்டர். 16.1 கணக்கில் கிட்டத்தட்ட 50 லிட்டர். மாதம் 480 ரூபாய் போல, வருடத்துக்கு 5,700 ரூபாய்க்கு மேல். நண்பர்களிடம் கேட்காமல், தனக்கே தெரியாமல் அவர் கையில் இருந்து போய்க்கொண்டிருந்த பணம் அது.

ஏன் ஒரு டேங்க் போதாது?

ஃபுல் டேங்க் கணக்கின் பலவீனம் 'ஃபுல்' என்ற சொல்லில்தான் இருக்கிறது. நாசிலின் நுனியில் ஒரு சின்ன துளை உண்டு. பெட்ரோல் அந்தத் துளையை மூடியதும் உள்ளே காற்றழுத்தம் மாறி, நாசில் நின்றுவிடும். வேகமாக ஊற்றினால் நுரை சீக்கிரமே துளையை மூடும். நாசிலை எவ்வளவு ஆழமாக, எந்தக் கோணத்தில் செருகினார்கள் என்பதைப் பொறுத்தும் மாறும். அதனால் இன்றைய 'ஃபுல்'லும் அடுத்த வார 'ஃபுல்'லும் அரை லிட்டர் வித்தியாசப்படலாம்.

25 லிட்டர் நிரப்பலில் அரை லிட்டர் என்பது இரண்டு சதவீதப் பிழை. மூன்று நிரப்பல் சேர்த்து 75 லிட்டர் ஆகும்போதும் பிழை அதே அரை லிட்டர்தான். ஏனென்றால் தொடக்கம், முடிவு என்ற இரண்டு முனைகளில் மட்டுமே அது வருகிறது. ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும்.

இருசக்கர வண்டியில் இது இன்னும் முக்கியம். ஐந்து லிட்டர் டேங்க் உள்ள ஸ்கூட்டரில் ஒரு தடவைக்கு நான்கு லிட்டர் போகும். 180 கிலோமீட்டர் ஓடியிருந்தால் லிட்டருக்கு 45. ஆனால் நிரப்பிய மட்டம் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர் அளவு முன்னே பின்னே இருந்தாலே அந்த 45 என்பது 43 ஆகவும் தெரியும், 47 ஆகவும் தெரியும். ஒரே ஒரு டேங்க்கை வைத்து "என் வண்டி 47 தருது" என்று சொல்வது, வீட்டுத் தராசில் தூசியை நிறுப்பது போல. ஐந்து நிரப்பல் சேர்த்து 20 லிட்டர் ஆன பிறகு சொன்னால் நம்பலாம்.

ஸ்கூட்டரில் ஆட்டோ கட்டையும் நம்ப முடியாது. டேங்க் ஆழம் குறைவு, ஊழியர்கள் நாசிலை மேலே பிடித்துக்கொண்டு ஊற்றுவதே வழக்கம். அதனால் வண்டியை மெயின் ஸ்டாண்டில் நிமிர்த்தி நிறுத்தி, மூடிக்குக் கீழே தெரியும் கழுத்தின் அடி விளிம்பு வரை என்று கண்ணால் ஒரு மட்டம் வைத்துக்கொள்ள வேண்டும். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் மட்டம் மாறிவிடும்.

இன்னொரு வசதியும் இதில் இருக்கிறது. நடுவில் கையில் காசு இல்லாமல் 200 ரூபாய்க்குப் போட்டாலும் பரவாயில்லை. அந்த லிட்டரையும் குறித்துக்கொண்டு கூட்டினால் போதும். இரண்டு முனைகள் மட்டும் ஃபுல்லாக இருக்க வேண்டும். ஆனால், ஒரு நிரப்பலைக் குறிக்க மறந்துவிட்டால் கணக்கு அங்கேயே முடிந்தது. மறுபடி முதலில் இருந்துதான்.

அதேபோல், ஒவ்வொரு சுற்றின் மைலேஜையும் கூட்டி மூன்றால் வகுக்கக் கூடாது. சுற்றுகளின் லிட்டர் ஒரே மாதிரி இல்லாதபோது அது தப்பான விடை தரும். மொத்த கிலோமீட்டர் வகுத்தல் மொத்த லிட்டர், அவ்ளோதான்.

பங்க்கில் கவனிக்க வேண்டியவை

தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், வண்டி ஒரே திசையில் நிற்பது நல்லது. தரை சரிவு இரண்டு முறையும் ஒரே மாதிரி இருந்தால் அதன் பிழை அடிபட்டுப்போகும். முதல் 'டக்'கிலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும். "2,480 வந்திருக்கு சார், 2,500 ரவுண்ட் பண்ணிடவா?" என்று கேட்பார்கள். அந்த 20 ரூபாய் 200 மில்லி. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கழுத்து வரை நிரப்புவதால் வண்டிக்கும் கெடுதல் உண்டு. பெட்ரோல் ஆவியைப் பிடிப்பதற்காக இருக்கும் கரிப் பெட்டிக்குள் திரவ பெட்ரோலே போய், அது கெட்டுவிடும்.

பில்லில் ரூபாயை அல்ல, லிட்டரைப் பார்க்க வேண்டும். பம்ப் திரையைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டாலும் போதும். ஓடோமீட்டரையும் அதே இடத்தில் ஒரு படம்.

பம்ப் காட்டும் லிட்டரே சந்தேகமா? அதற்கும் வழி இருக்கிறது. பங்க்குகளில் எடையளவுச் சட்டத் துறை முத்திரையிட்ட ஐந்து லிட்டர் அளவை இருக்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டால் அதில் ஊற்றிக் காட்ட வேண்டும். ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரைதான் வித்தியாசம் அனுமதி, அதாவது அரை சதவீதம். முள் அசையவில்லை என்று சண்டை போடுவதைவிட இந்த அளவையைக் கேட்பது ஐந்து நிமிடத்தில் விஷயத்தை முடித்துவிடும்.

கிலோமீட்டரும் சரிதானா?

கணக்கின் மேல்பாதி ஓடோமீட்டர். அது சக்கரம் எத்தனை முறை சுற்றியது என்பதை எண்ணி, தூரமாக மாற்றுகிறது. டயர் தேயத் தேயச் சுற்றளவு குறையும். அதே தூரத்துக்கு சக்கரம் அதிகம் சுற்றும், ஓடோமீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டும். புது கார் டயருக்கும் முழுசாகத் தேய்ந்த டயருக்கும் இடையே இது சுமார் இரண்டு சதவீதம் வரலாம். பெரிய டயர் மாற்றியவர்களுக்கு நேர் எதிர்: ஓடோமீட்டர் குறைத்துக் காட்டும், மைலேஜ் விழுந்ததுபோலத் தெரியும்.

சரிபார்க்க ஜிஎஸ்டி சாலை போன்ற ஒரு நெடுஞ்சாலையில் 50 கிலோமீட்டராவது ஓடி, போனின் ஜிபிஎஸ் பதிவோடு ஒப்பிடலாம். ஓடோமீட்டர் 50 காட்ட, ஜிபிஎஸ் 49 என்றால், மைலேஜில் இரண்டு சதவீதத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். ஊருக்குள் மேம்பாலங்களுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே ஜிபிஎஸ் தடுமாறும் என்பதால் அங்கே ஒப்பிடுவது வீண்.

எவ்வளவு மாற்றத்தைப் பிடிக்க முடியும்?

எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் வந்த பிறகு மைலேஜ் விழுந்துவிட்டது என்று பேசாத ஆபீஸ் கேன்டீன் இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல், பெட்ரோலில் இருப்பதில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் 10 சதவீதக் கலப்பில் இருந்து 20 சதவீதத்துக்கு மாறும்போது லிட்டருக்கான ஆற்றல் மூன்று, மூன்றரை சதவீதம் குறைகிறது. இன்ஜின் எப்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து சாலையில் தெரியும் இழப்பு கூடவோ குறையவோ செய்யலாம்.

இவ்வளவு சின்ன மாற்றத்தை ஒரு டேங்க் கணக்கில் பார்க்கவே முடியாது. ஏசி போட்ட வாரம், மழையில் ட்ராஃபிக்கில் நின்ற வாரம், காற்றழுத்தம் குறைந்த டயர் என்று ஒவ்வொன்றும் அதைவிடப் பெரிதாக ஆட்டிவிடும். "மாசம் ரெண்டு லிட்டர் கூடுதலா போகுது" என்று ஒருவர் அடித்துச் சொல்வதற்கும், "ஒரு வித்தியாசமும் இல்லை" என்று இன்னொருவர் அடித்துச் சொல்வதற்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இரண்டு பேருமே போதுமான அளவு அளக்கவில்லை. சர்வீஸுக்கு முன், சர்வீஸுக்குப் பின் என்ற ஒப்பீட்டுக்கும் இதே கதி. அதே ரூட்டில், முன்னால் மூன்று நான்கு நிரப்பல், பின்னால் மூன்று நான்கு நிரப்பல் இருந்தால்தான் மெக்கானிக்கிடம் பேசுவதற்கே கையில் ஏதாவது இருக்கும்.

நிறுவனம் விளம்பரத்தில் சொல்லும் மைலேஜோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. அது ஆய்வுக்கூடத்தில், உருளைகள் மீது வண்டியை நிறுத்தி, நிர்ணயித்த வேகங்களில் ஓட்டி எடுத்த எண். இரண்டு மாடல்களை ஒப்பிட அது உதவும். மேடவாக்கம் சிக்னலை அதற்குத் தெரியாது.

இத்தனைக்குப் பிறகு டேஷ்போர்டு எண்ணைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒருமுறை மூன்று நான்கு நிரப்பல் கணக்கெடுத்து, வித்தியாசம் எவ்வளவு என்று கண்டுபிடித்துவிட்டால் போதும். தாம்பரம் கார்க்காரருக்கு அது பத்து சதவீதம். இனி டேஷ்போர்டு 18 என்றால் அவர் மனதில் 16.2 என்று படித்துக்கொள்ளலாம். அடுத்த மாதத்தில் இருந்து கார் பூல் பங்கும் அந்தக் கணக்கில்தான். டயர் மாற்றினாலோ, வருடம் ஒன்று ஓடிவிட்டாலோ மறுபடி ஒருமுறை அளந்துகொள்வது நல்லது.

முள்ளுக்கு மிச்சம் இருப்பது ஒரே வேலை: பங்க்குக்குப் போக வேண்டிய நேரம் வந்துவிட்டதா என்று சொல்வது. அதை மட்டும் அதனிடம் கேட்டால் போதும்.